கூடவே பேசிப் பழகுவோம்: ஆங்கில உச்சரிப்புக்கு நிழற்பேச்சுப் பயிற்சி

தொடக்க நிலை வகுப்புகளில் ஓர் ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கிறார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தமிழ், கணக்குடன் ஆங்கிலமும் அவர் பொறுப்பே. தருமபுரி போன்ற மாவட்டத்தில் இந்தப் பொறுப்பின் எடை கூடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு விழுக்காடு மிகக் குறைவாக இருந்த மாவட்டம் இதுதான் (68.54 விழுக்காடு). நம் மாணவர்களில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் பேசிக் காட்ட ஆளில்லை. ஆசிரியர் வாசித்துக் காட்டும் ஆங்கிலமே அவர்கள் நேரில் கேட்கும் ஆங்கிலம். ஆசிரியர் ஒரு சொல்லை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே குழந்தை சொல்லும்.

ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். படித்தோம், எழுதினோம், தேர்வில் வெற்றி பெற்றோம். உச்சரிப்பைத் திருத்தித் தரும் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு நமக்குக் குறைவாகவே கிடைத்தது. பயிற்சி வகுப்புக்குக் காத்திராமல், கைப்பேசியும் காதொலிப்பானும் கொண்டு வீட்டிலேயே தனியாகச் செய்யக்கூடிய ஒரு பயிற்சியை இக்கட்டுரை விளக்குகிறது. ஆங்கிலத்தில் இதனை ‘ஷேடோயிங்’ என்பர். நடப்பவரின் நிழல் அவரை விடாமல் தொடர்வதுபோல, பேசுபவரின் குரலை விடாமல் தொடர்ந்து பேசுவதால் இப்பெயர். இங்கு ‘நிழற்பேச்சு’ என்று குறிப்பிடுவோம்.

நிழற்பேச்சு என்பது என்ன?

வகுப்பறையில் நாம் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துகிறோம். மாணவர்கள் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். இது நமக்குப் பழகிய முறை. நிழற்பேச்சில் அந்த நிறுத்தம் இல்லை. ஒலிப்பதிவில் உள்ளவர் பேசிக்கொண்டே இருப்பார். ஓர் அசை அல்லது ஒரு சொல் அளவு பின்தங்கி, அவர் சொல்வதை அப்படியே நாமும் உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இந்தச் சிறு வேறுபாட்டில்தான் பயன் இருக்கிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து திருப்பிச் சொல்லும்போது, கேட்ட ஒலியை நினைவில் வைத்துக்கொள்கிறோம். நினைவில் நிற்பது சொல்லும் பொருளும்தான். ஒலியின் நுட்பம் நிற்பதில்லை. பிறகு அந்தச் சொற்களை நம் தாய்மொழியின் ஒலிப்பழக்கத்தில் புதிதாகக் கட்டி வெளியே விடுகிறோம். நிழற்பேச்சில் அவ்வாறு மாற்றிக் கட்டுவதற்கு நேரம் குறைவு. பேசுபவரின் ஏற்ற இறக்கம், நீட்டல், குறுக்கல் ஆகியவை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வாய் அவற்றைப் பின்பற்ற வேண்டியிருக்கிறது.

இந்த முறை முதலில் மொழிக் கல்விக்காகத் தோன்றியதன்று. 1953ஆம் ஆண்டு காலின் செரி என்ற ஆய்வாளர், இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது மனிதர் ஒன்றை மட்டும் எவ்வாறு கவனிக்கிறார் என்பதை அறிய இதனைப் பயன்படுத்தினார். ஒரு காதில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். பின்னர் உடனடி மொழிபெயர்ப்பாளர்களின் பயிற்சியில் இது இடம்பெற்றது. அங்கிருந்து ஜப்பானின் ஆங்கில வகுப்பறைகளுக்குச் சென்று, விரிவான ஆய்வுக்கும் உள்ளானது. தாமாகப் பல மொழிகளைக் கற்ற அமெரிக்கப் பேராசிரியர் அலெக்சாண்டர் ஆர்குவெல்லஸ், தனியே மொழி கற்போரிடையே இதைப் பரப்பினார். நிமிர்ந்து, வேகமாக நடந்துகொண்டே, உரத்த குரலில் செய்ய வேண்டும் என்பது அவர் வழி.

செரியின் ஆய்வில் நமக்குத் தேவையான ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. முன்பின் அறியாத பகுதியைத் திருப்பிச் சொன்னவர்கள் சொற்களைச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே குரலில் சொன்னார்கள். என்ன சொன்னோம் என்ற பொருளும் அவர்கள் மனத்தில் அதிகம் தங்கவில்லை. ஆக, ஏதோ ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டு உடன் பேசுவதால் மட்டும் உச்சரிப்பு திருந்திவிடாது. பகுதியை முன்னரே புரிந்துகொண்டு, எங்கே நம் நா வழுக்கும் என்று குறித்துவைத்த பிறகே நிழற்பேச்சு பலன் தரும். எனவே முதலில் நம் நா எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம்.

நம் தவறுகள் தமிழ் இலக்கணத்தில் இருக்கின்றன

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் தற்செயலானவை அல்ல. அவை தமிழின் ஒலி விதிகளை ஆங்கிலத்தின்மேல் ஏற்றுவதால் வருபவை. அந்த விதிகளை நாமே வகுப்பில் கற்பிக்கிறோம் என்பதால், பிழைகளைக் கண்டுபிடிப்பதும் நமக்கு எளிது. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம். ‘பல்’ என்பதில் வரும் பகரமும் ‘பாம்பு’ என்பதன் இறுதியில் வரும் பகரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. மென்தொடர்க் குற்றியலுகரச் சொற்களான பாம்பு, சங்கு, வண்டு ஆகியவற்றைச் சொல்லிப் பாருங்கள். மெல்லினத்தின் பக்கத்தில் நின்றதும் வல்லினம் மென்மையடைகிறது. ‘அப்பா’, ‘பாக்கு’, ‘பாட்டு’ என்று இரட்டிக்கும்போது வன்மை அப்படியே இருக்கிறது. இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்திற்குக் கொண்டுபோகிறோம். கோயிலைக் குறிக்கும் ‘டெம்பிள்’ என்ற சொல்லில் வர வேண்டியது ‘அப்பா’வில் வரும் பகரம், நாம் ‘பாம்பு’வில் வரும் பகரத்தைச் சொல்கிறோம். ‘அங்கிள்’ என்பதில் வர வேண்டியது ‘பாக்கு’வில் வரும் ககரம், நாம் சொல்வது ‘சங்கு’வில் வரும் ககரம். சரியான ஒலியைக் காட்ட இக்கட்டுரையில் ‘டெம்ப்பிள்’, ‘அங்க்கிள்’ என்று எழுதுவோம்.

இரண்டாவது, சொல்லின் இறுதி. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. வல்லினம் வந்தால் உடன் ஓர் உகரமும் வந்துவிடும். அதனால் ‘கேட்’ என்பது ‘கேட்டு’ ஆகிறது. ‘பேக்’ என்பது ‘பேக்கு’ ஆகிறது. ஆங்கிலம் கேட்பவருக்கு அந்த உகரம் ஒரு தனி அசையாகக் காதில் விழுகிறது.

மூன்றாவது, சொல்லின் முதல். பேச்சுத் தமிழில் ‘எங்கே’ என்பது ‘யெங்கே’ என்றும், ‘ஒன்று’ என்பது ‘வொண்ணு’ என்றும் ஒலிக்கிறது. உடம்படுமெய்யாக வரும் அதே யகரமும் வகரமும் இங்கே சொல்லின் முதலில் வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் ‘எவ்ரி’ என்பதை ‘யெவ்ரி’ என்றும், ‘ஓபன்’ என்பதை ‘வோபன்’ என்றும் சொல்லிவிடுகிறோம்.

தருமபுரி மாவட்டத்தில் இதனுடன் ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கர்நாடக எல்லையை ஒட்டிய இம்மாவட்டத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டு மொழியாகக் கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் கணிசமாக உள்ளனர். அவ்விரு மொழிகளிலும் ‘பல்’லில் வரும் பகரத்திற்கும் ‘பாம்பு’வில் வரும் பகரத்திற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஆகவே அவர்களுக்கு முதல் பிழை பெரும்பாலும் வராது. ஆனால் சொல்லிறுதியில் உகரம் சேர்ப்பதும், சொல்லின் முதலில் யகர வகரங்களைச் சேர்ப்பதும் அம்மொழிகளின் பேச்சிலும் உண்டு. ஆக, எந்தப் பிழையைக் குறிவைப்பது என்பதை வீட்டு மொழியைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். இது ஆசிரியருக்கும் பொருந்தும், மாணவருக்கும் பொருந்தும்.

இவை தவிர, தனி ஒலியைக் கடந்த ஒன்று இருக்கிறது, அதுதான் அழுத்தம். தமிழில் அசைகள் ஏறத்தாழச் சம மதிப்புடன் ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் சில அசைகள் உரத்து நீள, மற்றவை சுருங்கி மங்குகின்றன. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு புரிகிறது என்பதை ஐதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தின் ஆர்.கே. பன்சல் ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். புரியாமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அவர் கண்டது, சொல்லழுத்தம் இடம் மாறி விழுவதையே. நிழற்பேச்சு நன்றாகத் திருத்துவதும் இந்த அழுத்தத்தையும் ஓசை ஒழுங்கையும்தான்.

ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சிக்கு 20 முதல் 30 நொடி வரை ஓடும் ஒரு பகுதி போதும். அதில் ஐம்பது, அறுபது சொற்கள் இருக்கும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பின்னணி இசை கூடாது. பேசுவதன் எழுத்து வடிவம் கையில் இருக்க வேண்டும். எழுத்து வடிவத்தைப் படிக்கும்போது பொருள் தெரியாத சொற்கள் இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். புதுச் சொல்லைப் புரிந்துகொள்வதும் ஒலியைப் பின்பற்றுவதும் ஒரே நேரத்தில் கைகூடாது.

பாடநூலில் உள்ள விரைவுத் துலங்கல் குறியீட்டை ஸ்கேன் செய்தால் கிடைக்கும் காணொலிகளில், தெளிவாக வாசிக்கப்பட்ட ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளலாம். அகில இந்திய வானொலியின் ஆங்கிலச் செய்தியும் பொருத்தமானது. வெளிநாட்டவர் குரல்தான் வேண்டும் என்பதில்லை. தெளிவாகப் பேசும் இந்தியர் ஒருவரின் குரல் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது; நம் மாணவர்களுக்கும் அது அயலாகத் தோன்றாது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் குறைந்தது ஒரு மாதம் அந்த ஒருவரின் குரலையே பின்பற்றுவது நல்லது.

வேகம் அதிகமாக இருந்தால் யூடியூபில் Playback speed என்ற இடத்தில் 0.75 என்று மாற்றிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு, அழுத்தத்தின் இயல்பு கெட்டுவிடும். மூன்று நாட்களுக்குள் இயல்பான வேகத்திற்குத் திரும்பிவிட வேண்டும். அது முடியாவிட்டால் பகுதி கடினமானது என்று பொருள். எளிதான வேறொன்றைத் தேடலாம்.

இரண்டு வாக்கியங்களில் ஒரு பயிற்சி

பாலக்கோடு பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஓர் ஆசிரியை இப்பயிற்சியைத் தொடங்குகிறார் என்று கொள்வோம். விளக்கத்திற்காக இரண்டே வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் இவற்றைக் குரல் பதிவாக அவருக்கு அனுப்பியிருக்கிறார்.

மை அங்க்கிள் ஓபன்ஸ் த டெம்ப்பிள் எவ்ரி ஈவ்னிங்.
ஹி வாக்ஸ் பேக் அட் எய்ட் அண்ட் லாக்ஸ் த கேட்.

மாமா நாள்தோறும் மாலையில் கோயிலைத் திறக்கிறார். எட்டு மணிக்கு நடந்து திரும்பி வந்து கதவைப் பூட்டுகிறார் என்பது பொருள்.

முதல் படி, கேட்டல். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பிறகு எழுத்து வடிவத்துடன் ஒப்பிட வேண்டும். விடுபட்ட சொற்கள் பெரும்பாலும் ‘அட்’, ‘அண்ட்’, ‘த’ போன்ற சிறு சொற்களாகவே இருக்கும். ஆங்கிலத்தில் இவை மங்கலாக ஒலிப்பதால் நம் காது இவற்றைத் தவறவிடுகிறது. நாம் பேசும்போதோ இவற்றுக்கும் முழு அழுத்தம் கொடுக்கிறோம்.

இரண்டாம் படி, குறித்தல். அழுத்தமாக ஒலிக்கும் அசைகளின்மேல் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் அங்க், ஓ, டெம்ப், எவ், ஈவ் என ஐந்து இடங்கள். இரண்டாவதில் வாக்ஸ், பேக், எய்ட், லாக்ஸ், கேட் என ஐந்து இடங்கள். முதல் வாக்கியத்தில் பன்னிரண்டு அசைகள், இரண்டாவதில் ஒன்பது. ஆனாலும் தட்டுகள் இரண்டிலும் ஐந்தே. ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசையில் விரலால் ஐந்து முறை தட்டிப் பார்த்தால், மற்ற அசைகள் தட்டுகளுக்கு இடையே சுருங்கிக்கொள்வது தெரியும்.

அடுத்து, நா வழுக்கும் இடங்களைக் கோடிட வேண்டும். முதல் வாக்கியத்தில் ஐந்து: அங்க்கிள், டெம்ப்பிள் ஆகியவற்றில் மெல்லினத்தை அடுத்த வல்லினம், ஓபன்ஸ் என்பதன் முதலில் வகரம் வராமல் பார்த்தல், எவ்ரி, ஈவ்னிங் ஆகியவற்றின் முதலில் யகரம் வராமல் பார்த்தல். இரண்டாம் வாக்கியத்திலும் ஐந்து: பேக், அட், எய்ட், கேட் ஆகிய நான்கின் இறுதியில் உகரம் வராமல் பார்த்தல், எய்ட் என்பதன் முதலில் யகரம் வராமல் பார்த்தல். ஆக மொத்தம் பத்து இடங்கள்.

உகரத்தைத் தவிர்க்க நம் புணர்ச்சி விதியே கைகொடுக்கும். பால் + ஆடை = பாலாடை என்று மெய்யின்மேல் உயிர் ஏறுவதுபோல, பேக் + அட் + எய்ட் என்பது தொடர்ந்து பேசும்போது ‘பேக்கட்டெய்ட்’ என்று ஒலிக்கிறது. மெய்யின்மேல் அடுத்த சொல்லின் உயிர் நேராக ஏறிவிட்டால் உகரத்திற்கும் இடமில்லை, யகரத்திற்கும் இடமில்லை. இவ்வாறு இணையும் இடங்களில் இரு சொற்களுக்கு நடுவே ஒரு சிறு வளைகோடு போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி, எழுத்தைப் பார்த்து உடன் வாசித்தல். ஒலிப்பதிவோடு சேர்ந்து, அதே வேகத்தில் மூன்று முறை வாசிக்க வேண்டும். இது முழுமையான நிழற்பேச்சு ஆகாது. வாயைப் பழக்கும் படி மட்டுமே.

நான்காம் படி, முணுமுணுத்தல். எழுத்தை மூடிவிட்டு, குரலை எழுப்பாமல் உதட்டளவில் இரண்டு முறை தொடர வேண்டும். சொற்கள் எல்லாம் வராவிட்டாலும் ஏற்ற இறக்கம் மட்டும் வந்தால் போதும்.

ஐந்தாம் படிதான் நிழற்பேச்சு. எழுத்தைப் பார்க்காமல், ஓர் அசை அல்லது ஒரு சொல் பின்தங்கி, உரத்த குரலில் ஐந்து முறை தொடர வேண்டும். காதொலிப்பானை ஒரு காதில் மட்டும் பொருத்திக்கொண்டால் மறு காதில் நம் குரலும் கேட்கும். இடையில் தவறினால் நிறுத்திப் பின்னோக்கிச் செல்ல வேண்டாம். விட்ட இடத்தை விட்டுவிட்டு, குரல் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரு முறை ஐந்து தட்டுகள், அடுத்த முறை மெல்லினத்தை அடுத்த வல்லினம், அதற்கடுத்து சொல்லிறுதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி, பதிவு செய்து ஒப்பிடல். காதொலிப்பானில் கேட்டபடி பேசும்போது, இன்னொரு கைப்பேசியில் நம் குரலை மட்டும் பதிவுசெய்ய வேண்டும். பிறகு மூலத்தில் ஒரு வாக்கியம், நம் பதிவில் ஒரு வாக்கியம் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, குறித்த பத்து இடங்களில் எத்தனை சரி என்று எண்ண வேண்டும்.

ஆசிரியையின் முதல் நாள் பதிவில் பத்தில் மூன்று சரியாக இருப்பதாகக் கொள்வோம். சில நாட்களில் ‘பேக்கட்டெய்ட்’ என்ற இணைப்பு வந்துவிட்டால், ஒரே வீச்சில் நான்கு இடங்கள் சரியாகிவிடும்: பேக், அட் ஆகியவற்றின் இறுதி, எய்ட் என்பதன் முதல், அதை அடுத்த ‘அண்ட்’ உடன் இணைவதால் எய்ட் என்பதன் இறுதி. ‘டெம்ப்பிள்’ மட்டும் நீண்ட நாள் அடம்பிடிக்கும். ஏனெனில் ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள் அந்த இடத்தில் மென்மையையே நமக்குப் பழக்கியிருக்கின்றன. இத்தகைய இடத்தை நிழற்பேச்சிலிருந்து வெளியே எடுத்து, ‘டெம்’ என்று நிறுத்தி ‘ப்பிள்’ என்று தனியாகச் சொல்லி, இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்துச் சேர்த்த பிறகு மீண்டும் வாக்கியத்தில் வைக்க வேண்டும்.

எவ்வளவு நாள்?

ஆறு படிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 10 முதல் 15 நிமிடங்கள் எடுக்கும். ஒரு பகுதியை நான்கைந்து நாட்கள் தொடர்ந்து செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முதல் நாளில் ஆறு படிகளும் தேவை. பின்வரும் நாட்களில் ஒரு முறை உடன் வாசித்துவிட்டு நேராக நிழற்பேச்சுக்குப் போகலாம்.

இந்த அளவுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஜெனிஃபர் ஃபூட், கிம் மெக்டொனா என்ற இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓரளவு ஆங்கிலம் அறிந்த 16 பேர் எட்டு வாரங்கள், வாரத்தில் குறைந்தது நான்கு நாட்கள், நாளொன்றுக்குக் குறைந்தது பத்து நிமிடங்கள் கையடக்கக் கருவியில் சிறு உரையாடல்களைக் கேட்டு நிழற்பேச்சுச் செய்தனர். முடிவில் அவர்கள் பேச்சு கேட்பவருக்கு எளிதாகப் புரிந்தது, தடங்கலும் குறைந்தது. ஆனால் அவர்களுடைய தாய்மொழிச் சாயல் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. இது நமக்கு மனநிறைவு தரும் முடிவுதான். தருமபுரிக்காரர் தருமபுரிக்காரராகவே பேசலாம். மாணவருக்கும் பிறருக்கும் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதே இலக்கு.

எங்கே தவறும், எப்படி அறிவது?

முதலாவது தவறு, ஒரே குரலில் ஓட்டிக்கொண்டு போவது. செரியின் ஆய்வில் கண்டதே இது. நம் பதிவைக் கேட்டு மேசையில் தட்டிப் பாருங்கள். ஐந்து இடத்தில் தட்ட முடியாமல் எல்லா அசைக்கும் தட்டத் தோன்றினால், குறிக்கும் படியைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள். பொருளை மனத்தில் கொண்டு, யாருக்கோ செய்தி சொல்வதுபோலப் பேசினால் இது குறையும்.

இரண்டாவது, அதிகமாகப் பின்தங்குவது. அரை வாக்கியம் தள்ளிப் போனால் அது நினைவிலிருந்து சொல்வதாகிவிடும்; பழைய ஒலிகள் திரும்பிவிடும். வாக்கியம் முடிந்த பிறகும் நாம் இரண்டு மூன்று சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தால் பின்தங்கியிருக்கிறோம் என்று அறியலாம். அப்போது மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, ஆங்கிலச் சொற்களின்மேல் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பது. தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றுதான். எழுதிய உடனே மெல்லினத்தை அடுத்த வல்லினம் மென்மையாகிவிடும். இக்கட்டுரையில் விளக்கத்திற்காக அவ்வாறு எழுதியிருக்கிறோம். பயிற்சித் தாளில் ஆங்கில எழுத்தும் புள்ளி, கோடுகளும் மட்டும் இருக்கட்டும்.

நான்காவது, திருத்தத்தை அளவுக்கு மீறிக் கொண்டுபோவது. ‘டெம்ப்பிள்’ பழகியவர் ‘நம்பர்’, ‘நவம்பர்’ ஆகியவற்றையும் ‘நம்ப்பர்’, ‘நவம்ப்பர்’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார். இவற்றில் ‘பாம்பு’வில் வரும் மென்மையான பகரமே சரி. ஐயம் வந்தால் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்தாலே போதும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் வெவ்வேறு எழுத்துகள்.

நிழற்பேச்சுக்கு ஓர் எல்லையும் உண்டு. காது பிரித்து உணராத ஒலியை வாய் பின்பற்றாது. அடுப்பில் வைக்கும் சட்டியைக் குறிக்கும் ‘பேன்’, மின்விசிறியைக் குறிக்கும் ‘ஃபேன்’ இரண்டும் ஒருவர் காதில் ஒன்றாகவே விழுந்தால், நூறு முறை நிழற்பேச்சுச் செய்தாலும் அவர் ஒன்றையே சொல்வார். சோதிக்க எளிய வழி உண்டு. உடன் பணியாற்றும் ஒருவர் தம் வாயை மறைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை சொல்லட்டும். எது எது என்று நாம் எழுதுவோம். எட்டுக்குக் குறைவாக வந்தால் முதலில் கேட்கும் பயிற்சி தேவை. பிறகு கண்ணாடி முன் நின்று, ‘பேன்’ சொல்லும்போது இரு உதடுகளும் ஒட்டிப் பிரிவதையும், ‘ஃபேன்’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டில் பட்டுக் காற்று கசிவதையும் பார்த்துப் பழக வேண்டும். அதன் பிறகு நிழற்பேச்சுக்கு வரலாம்.

நம் காதையே முழுதாக நம்பவும் கூடாது. எழுத்து வடிவத்தைப் பார்க்காத ஒருவரிடம் நம் பதிவை ஒரே ஒரு முறை கேட்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லலாம். அவர் தவறாக எழுதிய சொல்தான் நாம் அடுத்து உழைக்க வேண்டிய சொல்.

வகுப்பறையில்

ஆசிரியர் சில வாரங்கள் தாம் செய்து பார்த்த பிறகு, நான்காம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களுக்கு இதைச் சிறிய அளவில் கொடுக்கலாம். ஏற்கெனவே நடத்தி முடித்த பாடத்திலிருந்து இரண்டு வாக்கியங்கள், ஐந்து நிமிடம் போதும். வகுப்பு முழுவதும் ஒன்றாகச் சொன்னால் அது ராகம் போட்டு ஒப்பிப்பதாக மாறிவிடும், அழுத்தம் போய்விடும். நான்கைந்து பேர் கொண்ட குழு தொடர்ந்து பேசட்டும். மற்றவர்கள் ஆசிரியரின் குரலுக்கேற்ப மேசையில் தட்டட்டும். தட்டுபவர் பிறகு பேசட்டும், பேசியவர் தட்டட்டும். தெலுங்கு, கன்னடம் பேசும் குழந்தைகள் ‘டெம்ப்பிள்’ போன்ற சொற்களை எளிதாகச் சொல்லும்போது, அக்குழந்தைகளையே சொல்லிக்காட்டச் செய்யலாம்.

பதிவு அட்டவணை

பயிற்சி செய்யும் ஆசிரியர்கள் ஒரு குறிப்பேட்டில் பின்வருவனவற்றை எழுதிவரலாம்:

1. நாள், பகுதியின் பெயர், நீளம் (நொடியில்)
2. குறித்த இடங்கள் எத்தனை, அவற்றில் இன்று சரியானவை எத்தனை
3. அடம்பிடிக்கும் சொல் எது, அது மூன்று பிழைகளில் எந்த வகை
4. பதிவைக் கேட்ட மற்றவர் தவறாக எழுதிய சொல் எது

முதல் நாள் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். எட்டு வாரம் கழித்து அதே பகுதியை மீண்டும் பேசிப் பதிவுசெய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, அதே பத்து இடங்களையும் எண்ணிப் பாருங்கள்.